சரிவு நிரப்பும் மேற்சுமையும்: நான்கு மீட்டர் தாங்குசுவருக்கு ஆப்பு முறையில் ஆக்டிவ் அழுத்தம் கண்ட பதிவு

மலைச்சாலையின் பள்ளத்துப் பக்கம் நிற்கும் கான்கிரீட் தாங்குசுவர் இது. உயரம் 4 மீட்டர், மண் பக்கம் செங்குத்து. சுவரின் தலையிலிருந்து மண் சரிவாக ஏறி, 4 மீட்டர் கிடைதூரத்தில் 2 மீட்டர் உயர்ந்து, சாலை மட்டத்தைத் தொட்டதும் சமதளமாகிறது. அந்த முகட்டிலிருந்து 1 மீட்டர் மண் தோள் விட்டுத் தார்ச்சாலை தொடங்குகிறது. சாலையை முகடு வரை அகலப்படுத்தலாமா, சுவர் தாங்குமா என்பதுதான் கேள்வி.

இப்படிப்பட்ட சுவருக்கு அட்டவணையிலிருந்து Ka என்னும் ஆக்டிவ் அழுத்தக் கெழுவை எடுத்துப் போடுவதே வழக்கம். அட்டவணை தரும் எண் முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போகும் சரிவுக்கு உரியது. இங்கே சரிவு 4 மீட்டரில் முடிகிறது. மேற்சுமையும் சுவரை ஒட்டி இல்லாமல் தள்ளி நிற்கிறது. இந்த இரண்டையும் ஒரே கெழுவில் அடைக்க முடியாது. கூலம் 1776இல் அச்சிட்ட ஆப்புக் கணக்கையே நேராகப் போட்டுப் பார்ப்பதுதான் சரி. ஒரு பக்கத் தாளில் முடிகிற வேலை அது.

அளந்தவை

சரிவை ஒரே இடத்தில் அளந்தால் போதாது. சுவர் நீளத்தில் 5 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு எடுத்து, டியூப் லெவலும் டேப்பும் வைத்து, தலையிலிருந்து முகடு வரை அரை மீட்டருக்கு ஒரு புள்ளி குறித்தோம். சரிவு சராசரியாக 1க்கு 2, அதாவது 26.6°. மழைக்காலத்தில் சரிந்த மண்ணை அள்ளி இதே சரிவில் கொட்டும் பழக்கம் பல சாலைகளில் உண்டு. அப்படிக் கொட்டிய இடத்தில் வெட்டு தனியே எடுக்க வேண்டும்.

மண்ணின் அடர்த்தி γவை மணல் மாற்று முறையில் எடுத்ததில் 18 கிலோநியூட்டன்/கனமீட்டர் வந்தது. உராய்வுக் கோணம் φ நேரடி வெட்டுச் சோதனையில் 32°. சோதனைக்கு முன் மாதிரியைத் தண்ணீரில் ஊறவிட்டுத்தான் வெட்டினோம். ஈரம் காயாத மாதிரியில் ஒட்டுதல் கொஞ்சம் காட்டும். அதை நம்பிக் கணக்கில் சேர்க்கவில்லை, ஏனென்றால் ஐப்பசி மழையில் அது இருக்காது. சுவருக்கும் மண்ணுக்குமான உராய்வு δ = 20°, ஏறத்தாழ φஇன் மூன்றில் இரண்டு பங்கு. வண்டிச் சுமைக்கு இந்தியச் சாலைக் காங்கிரசின் விதிநூலான ஐ.ஆர்.சி 6 சொல்லும் 1.2 மீட்டர் மண்ணுக்கு இணையான மேற்சுமை, அதாவது 21.6 கி.நியூ/ச.மீ.

முதலில் அட்டவணை என்ன சொல்கிறது

செங்குத்துச் சுவருக்குக் கூலம் சூத்திரம்:

```
Ka = cos²φ / { cosδ · [ 1 + √( sin(φ+δ)·sin(φ−β) / (cosδ·cosβ) ) ]² }
```

φ = 32°, δ = 20° வைத்துச் சரிவுக் கோணம் βவை மட்டும் மாற்றினால்:

| β | Ka |
|---|---|
| 0° | 0.276 |
| 10° | 0.313 |
| 20° | 0.374 |
| 25° | 0.429 |
| 26.6° | 0.454 |
| 30° | 0.546 |
| 32° | 0.765 |

முதல் 20 பாகைக்கு Ka ஏறுவது 0.1. கடைசி 2 பாகைக்கு மட்டும் 0.22. காரணம் வர்க்கமூலத்துக்குள் இருக்கும் sin(φ−β). β, φஐ நெருங்க நெருங்க அது பூஜ்யத்துக்குப் போகிறது, வர்க்கமூலமோ அந்த இறக்கத்தைக் கடைசி நேரத்தில் செங்குத்தாக்கிவிடுகிறது. β = φ ஆகும்போது சறுக்குத் தளம் சரிவுக்கே இணையாகப் படுத்துவிடும். அந்த 0.765 என்பது எல்லையில்லாமல் நீளும் மண் துண்டின் தள்ளல். நிஜச் சரிவில் அவ்வளவு மண் கிடையாது. அதே சமயம், சரிவை 27°இலிருந்து 30°க்கு யாராவது ஏற்றிவிட்டால் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும் என்பதும் உண்மை. சரிவை டேப் வைத்து அளக்காமல் கண்ணால் மதிப்பிடக் கூடாது என்பது இதனால்தான்.

சரிவு φஐத் தாண்டினால் எக்செல் #NUM! காட்டும். 1க்கு 1.5 சரிவு 33.7°, இந்த மண்ணுக்கு அது அதிகம். கொட்டிய மண் சரிவு அப்படி இருந்தால் சுவரைப் பற்றி யோசிக்கும் முன்பே சரிவு தன்னால் வழுக்கும். கீழே வரும் ஆப்புக் கணக்கு அந்த நிலையிலும் ஏதோ ஒரு எண்ணைத் தந்துவிடும். அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆப்பைப் போடுதல்

சுவரின் அடிக்குதிகாலிலிருந்து கிடைமட்டத்துக்கு ρ கோணத்தில் ஒரு நேர்கோடு மேலே போகிறது. கோட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் மண்ணே ஆப்பு. அதன் மேல் மூன்று விசைகள்: எடை W கீழ்நோக்கி, சறுக்குத் தளத்தின் எதிர்விசை R, சுவரின் எதிர்விசை P. தளத்தின் செங்குத்துக்கோட்டிலிருந்து φ அளவு R சாய்ந்திருக்கும், சுவரின் செங்குத்துக்கோட்டிலிருந்து δ அளவு P சாய்ந்திருக்கும். கிடை, நிலை இரண்டு திசையிலும் சமநிலை எழுதி Rஐ நீக்கினால் கிடைப்பது:

```
P = W · sin(ρ − φ) / cos(ρ − φ − δ)
```

இந்தச் சூத்திரத்தில் சரிவும் கிடையாது, மேற்சுமையும் கிடையாது. இரண்டும் Wக்குள் மட்டும் நுழைகின்றன. ஆப்பு முறையின் பலமே அதுதான்: தரை எப்படி வளைந்தாலும், சுமை எங்கே நின்றாலும், கோட்டுக்கு மேலே என்ன எடை நிற்கிறது என்று எண்ணினால் போதும்.

நம் வடிவத்தில் முகடு, அடியிலிருந்து 6 மீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருக்கிறது. tan ρ = 1.5, அதாவது ρ = 56.3°. அதைவிடச் செங்குத்தான கோடு சரிவிலேயே வெளியே வந்துவிடும். அதைவிடச் சாய்ந்த கோடு முகட்டைத் தாண்டிச் சமதளத்தில் வெளிவரும், அப்போது பரப்பு 18 cot ρ − 4 ச.மீ. சாலை 5 மீட்டரில் தொடங்குவதால், ρ 50.2°க்குக் கீழே இறங்கினால்தான் வண்டிச் சுமை ஆப்புக்குள் விழும். 

ஒரு ஆப்பைக் கையால் போட்டுப் பார்ப்போம். ρ = 48° என்று வைத்தால் cot 48° = 0.900. பரப்பு 12.21 ச.மீ, மண் எடை 219.7 கி.நியூ. கோடு 5.40 மீட்டரில் வெளிவருகிறது, ஆகவே சாலையில் 0.40 மீட்டர் மட்டும் உள்ளே: 0.40 × 21.6 = 8.7. மொத்தம் 228.4. sin 16° / cos 4° = 0.2763. P = 63.1 கி.நியூ, சுவரின் ஒரு மீட்டர் நீளத்துக்கு. (ρ − φ − δ = −4°. cos என்பதால் குறி பொருட்டில்லை.)

இதே போல் இரண்டு பாகைக்கு ஒரு கோடாக வரைந்தது:

| ρ | மண் மட்டும் | சாலை 5 மீட்டரில் |
|---|---|---|
| 58° | 57.7 | 57.7 |
| 56° | 59.7 | 59.7 |
| 54° | 61.2 | 61.2 |
| 52° | 62.0 | 62.0 |
| 50° | 61.8 | 62.0 |
| 48° | 60.7 | 63.1 |
| 46° | 58.6 | 62.8 |
| 44° | 55.3 | 60.8 |

மிகப் பெரிய Pதான் ஆக்டிவ் தள்ளல். மண் மட்டும் என்றால் 51.3°இல் 62.0. அதை ½γH² = 144ஆல் வகுத்தால் Ka = 0.43. முடிவில்லாச் சரிவுக்கு அட்டவணை தந்தது 0.454, சமதளத்துக்கு 0.276. உடைந்த சரிவின் உண்மையான கெழு இரண்டுக்கும் நடுவில், ஆனால் மேல் பக்கத்தை ஒட்டியே நிற்கிறது. முகடு வெறும் 4 மீட்டரில் இருப்பதால் பெரிய சலுகை கிடைக்கும் என்று நினைத்தவர்கள் ஏமாறுவார்கள்.

இரண்டு உச்சங்கள்

வலப்பக்கத்து நிரலைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 52° அருகே 62.0 என்று ஒரு உச்சம். பிறகு 50.2°இல் 61.9க்கு இறங்குகிறது. அங்கிருந்து சாலைச் சுமை உள்ளே வரத் தொடங்கியதும் மறுபடி ஏறி, 47.5°இல் 63.2 என்று இரண்டாவது உச்சம். இதுதான் பெரியது. கோட்டைச் செங்குத்திலிருந்து சாய்த்துக்கொண்டே வந்து, P குறையத் தொடங்கியதும் நிறுத்திவிட்டால் முதல் உச்சத்தோடு கணக்கு முடிந்துவிடும். எக்செல் சால்வரும் 55°இலிருந்து தேடச் சொன்னால் அங்கேயே நின்றுவிடும். இந்தச் சுவரில் வித்தியாசம் 2 சதவீதம்தான். முகட்டுக்கு அப்பால் கட்டடமோ கனரக வண்டி நிறுத்தமோ இருந்தால் இதே தவறு பெரிய எண்ணாகிவிடும். ஆகவே தேடல் வேண்டாம், எல்லாக் கோணத்தையும் ஒருமுறை ஓட்டிவிடுவதே நல்லது:

```python
from math import radians as r, sin, cos, tan
g, H, q, phi, d = 18, 4, 21.6, 32, 20
L, h2, xs = 4, 2, 5

def P(a):
    t = tan(r(a))
    X = (H + h2)/t
    if X >= L:
        A = (H + h2)*X/2 - L*h2/2
    else:
        X = H/(t - h2/L)
        A = H*X/2
    W = g*A + q*max(0, X - xs)
    return W*sin(r(a-phi))/cos(r(a-phi-d))

print(max((P(a/10), a/10) for a in range(400, 701)))
```

L, h2 சரிவின் கிடைநீளமும் உயரமும், xs சுமை தொடங்கும் தூரம். xs, Lக்குக் குறையாமல் இருக்கும்வரை இது சரி. முதல் ஓட்டத்தில் h2 = 0, q = 0 வைத்துப் பாருங்கள்: 39.7 வர வேண்டும். 144 × 0.276 அதுதான். வரவில்லையென்றால் தட்டச்சில் பிழை.

மேற்சுமையை Ka·q·H என்று போட்டால்

சுவரை ஒட்டியே தொடங்கி முடிவில்லாமல் பரவும் சுமைக்கு மட்டும் அந்தக் குறுக்குவழி செல்லும். செங்குத்துச் சுவரில், ஒரே சீரான சரிவில், ஆப்பின் எடையும் மேலே விழும் சுமையும் ஒரே விகிதத்தில் கூடிக் குறைகின்றன. அதனால் சறுக்குக் கோணம் மாறாது, அதே Ka சுமைக்கும் பொருந்துகிறது. இந்தச் சுவருக்கு அதைப் போட்டால் 0.454 × 21.6 × 4 = 39 கி.நியூ கூடுதல். ஆப்புக் கணக்கு காட்டிய உண்மையான கூடுதல் 1.2. முப்பது மடங்கு வித்தியாசம். தேவையே இல்லாமல் சுவரை இடித்துக் கட்டச் சொல்லும் எண் அது.

இன்னொரு இடறல்: q கிடைப்பரப்பில் அளந்ததா, சரிவின் மேல் அளந்ததா என்பது. சரிவின் மேல் பரப்பில் அளந்த சுமையென்றால் cos βஆல் வகுக்க வேண்டும். 1க்கு 2 சரிவில் அது 12 சதவீதம்.

தள்ளல் எந்த உயரத்தில்

ஆப்பு மொத்த விசையை மட்டும் தரும், எங்கே தள்ளுகிறது என்று சொல்லாது. அதற்குச் சுவரை 1, 2, 3, 4 மீட்டர் உயரமாக நினைத்து நான்கு முறை கணக்குப் போட்டோம். தலையிலிருந்து முறையே 4.1, 16.4, 36.2, 63.2 வந்தது. அடுத்தடுத்த வித்தியாசமே அந்தந்த மீட்டரின் பங்கு: 4.1, 12.3, 19.8, 27.0. இவற்றைச் சரிவகங்களாக எடுத்துத் திருப்புதிறன் கண்டால் விசை அடியிலிருந்து 1.36 மீட்டரில், உயரத்தில் 0.34 பங்கில் நிற்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, மூன்று மீட்டர் வரை சாலைச் சுமை சுவரைத் தொடவே இல்லை. கடைசி மீட்டரில் மட்டும்தான் தொடுகிறது. ஐ.ஆர்.சி 6 கூலம் கணக்குக்கு 0.42 பங்கு உயரத்தை எடுக்கச் சொல்கிறது. கவிழ்தலுக்கு அந்த 1.68 மீட்டரையே போட வேண்டும், நம் 1.36ஐ அல்ல.

அகலப்படுத்தினால் என்ன ஆகிறது

சுவரின் மேல் அகலம் 0.6, அடி அகலம் 2.4 மீட்டர். எடை 144 கி.நியூ. அடியில் உராய்வுக் கெழு 0.55. இப்போதைய நிலையில் P = 63.2, கிடைப்பகுதி 59.4, கீழ்நோக்கிய பகுதி 21.6. வழுக்கலுக்கு எதிரான காப்புக் காரணி (144 + 21.6) × 0.55 / 59.4 = 1.53. தேவை 1.5. தேறுகிறது, மயிரிழையில்.

சாலையை முகடு வரை கொண்டுவந்தால் xs = 4. தள்ளல் 69.1, காரணி 1.42. தேறாது. ஒரு மீட்டர் தோள் சுவரிடமிருந்து 6 கி.நியூவைத் தள்ளி வைத்திருந்தது என்று பொருள். பிறகு xsஐ மட்டும் மாற்றி ஓட்டினால் 4.75 மீட்டரில் P = 64.6, காரணி 1.50. ஆக 25 சென்டிமீட்டர் அகலப்படுத்தலாம், அதற்கு மேல் கூடாது. காப்புக் கற்களை முகட்டிலிருந்து குறைந்தது 75 சென்டிமீட்டர் உள்ளே நட வேண்டும், வண்டிச் சக்கரம் அதைத் தாண்டிப் போக வழியிருக்கக் கூடாது.

அந்த 25 சென்டிமீட்டரைக்கூடக் கொடுக்கத் தயங்க வேண்டும், காரணம் φ. 32°க்குப் பதில் 29° என்று வைத்து, மற்றதையெல்லாம் அப்படியே விட்டு, சாலை இப்போதைய இடத்திலேயே நிற்க ஓட்டினோம். P = 75.6, காரணி 1.32. சமதள நிரப்பாக இருந்தால் இந்த மூன்று பாகைக்கு அழுத்தம் 12 சதவீதம் கூடும். இங்கே 20 சதவீதம் கூடுகிறது. ஏன் என்பதை ஆப்பு காட்டிவிடுகிறது: φ குறைந்ததும் சறுக்குத் தளம் 47.5°இலிருந்து 45°அளவுக்குச் சாய்கிறது, அப்போது சாலையில் ஒரு மீட்டர் ஆப்புக்குள் வந்துவிடுகிறது. சாலைச் சுமையின் பங்கு 1.2இலிருந்து 3.9 ஆகிறது. சரிவும் தள்ளி நிற்கும் சுமையும் சேர்ந்த சுவரில், மண்ணின் பலம் குறைவது தானாக இன்னொரு சுமையையும் இழுத்துக்கொண்டு வருகிறது. அட்டவணைக் கெழுவில் இது எந்த இடத்திலும் தெரியாது.

இதனால் எடுத்த முடிவு: அகலப்படுத்தல் வேண்டாம். சரிவில் கொட்டிக் கிடந்த மண்ணை அள்ளி 1க்கு 2க்குக் கொண்டுவர வேண்டும். சுவரில் தண்ணீர் வடிய விட்ட வீப் ஹோல்களைக் கம்பி விட்டுத் துருவி, தண்ணீர் ஊற்றி, வெளியே வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மேலே போட்ட எல்லாக் கணக்கும் வடிந்த மண்ணுக்கு. பின்னால் தண்ணீர் நின்றால் அதன் அழுத்தம் தனியே சேரும், இந்த எண்கள் எதுவும் நிற்காது.

களத்தில் எங்கே பார்ப்பது

ஆப்பு எங்கே வெளிவரும் என்பதையும் கணக்கே சொல்லிவிடுகிறது. மண் மட்டும் என்றால் 6 cot 51.3° = 4.8 மீட்டர், சாலைச் சுமையோடு 5.5 மீட்டர். அதாவது சுவர் தலையிலிருந்து அளந்தால் தோளின் உள்விளிம்பிலிருந்து தாரில் அரை மீட்டர் உள்ளே வரையான பட்டை. சுவர் நகரத் தொடங்கியிருந்தால் சாலைக்கு இணையாக ஓடும் மயிரிழை விரிசல் அங்கேதான் வரும், இரண்டு முனையும் சுவர்ப் பக்கம் லேசாக வளைந்து. சாலை நடுவில் வரும் விரிசலோ குறுக்கே ஓடும் விரிசலோ இந்தச் சுவருடையது அல்ல. அந்தப் பட்டையில் 5 மீட்டருக்கு ஒன்றாக, விரிசலுக்கு இரு பக்கமும் ஆணி அடித்து, ஆணிகளுக்கு இடைப்பட்ட தூரத்தைக் காலிப்பரில் எடுத்து எழுதி வைத்திருக்கிறோம். சுவரின் முகத்தில் தூக்குக்குண்டு விட்டு மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் இடைவெளி குறித்தாயிற்று. மழைக்கு முன் ஒரு அளவு, வடகிழக்குப் பருவமழை நடுவில் ஒன்று, முடிந்த பின் ஒன்று. ஆணி இடைவெளி கூடி, அதே நேரத்தில் தூக்குக்குண்டு மேல் பகுதியில் சுவரின் சாய்வைக் காட்டினால், φ 32° அல்ல என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே சாலையை உள்பக்கம் ஒதுக்கிவிட வேண்டும்.